கட்டுத்தறிக் கணக்கு: கறவை மாடு வாங்கும் குழுக்களுக்கு ஒரு பாடம்

சுய உதவிக் குழுக்கள் கறவை மாடு வாங்கக் கடன் கேட்டு எழுதும் திட்டக் கணக்குகள் நம் பார்வைக்கு அடிக்கடி வருகின்றன. அவற்றுள் பல ஒரே பிழையைச் செய்கின்றன. மாடு சந்தையில் தரும் பாலையே அது ஆண்டு முழுவதும் தரும் என்று வைத்துக்கொண்டு வரவை எழுதிவிடுகின்றன. செலவுப் பகுதியில் தீவனமும் தவணையும் இருக்கும். மாடு வற்றி நிற்கும் மாதங்கள் இரா. அதை ஒரு நாள் விற்க வேண்டியிருக்கும் என்பதும் இராது. இந்தப் பாடத்தில் ஒரு குழுவின் கணக்கை எடுத்துக்கொண்டு, ஈன்ற நாள் முதல் அடுத்த ஈற்று வரையிலும், பின்னர் விற்கும் நாள் வரையிலும் அதை முழுமையாகப் போட்டுப் பார்ப்போம்.

ஈரோடு மாவட்டத்தில் சென்னிமலையை அடுத்த ஓர் ஊர். குழுவில் பத்துப் பெண்கள். ஐவர் கிணற்றுப் பாசனமுள்ள சிறு நிலம் உடையவர்கள். ஐவர் கைத்தறி வீட்டார், குடியிருக்கும் மனையைத் தவிர நிலம் இல்லாதவர்கள். பத்துப் பேரும் ஒரே நாளில் ஆளுக்கொரு கலப்பின ஜெர்சி மாடு வாங்குவது என்று தீர்மானம் எழுதியிருந்தார்கள். ஒரு மாட்டுக்குக் கணக்கு இவ்வாறு இருந்தது: நாளொன்றுக்கு 12 லிட்டர், லிட்டர் 36 ரூபாய், மாத வரவு 12,960 ரூபாய், தீவனம் 6,000 ரூபாய், தவணை 2,380 ரூபாய், மிச்சம் மாதம் 4,580 ரூபாய். கூட்டல் கழித்தலில் பிழை ஒன்றுமில்லை.

தீர்மானப் புத்தகத்தைப் படித்து முடித்தபோது, நெசவாளர் வீட்டு அம்மையார் ஒருவர் கேட்டார்: “ஏனுங்க ஐயா, பாவு இல்லாவிட்டால் கைத்தறி சும்மா நிற்கும், நூல் கேட்காது. கட்டுத்தறியில் நிற்கிற மாடு பால் இல்லாத நாளிலும் தீனி கேட்குமே? அதை இதில் எங்கே எழுதியிருக்கிறோம்?” எங்கும் எழுதவில்லை. அந்தக் கேள்வியிலிருந்தே கணக்கைப் புதிதாகத் தொடங்கினோம்.

பாலின் அளவு

மாடு ஈன்றபின் ஆறு முதல் எட்டு வாரங்களில் பால் உச்சத்துக்கு ஏறும். பிறகு மாதந்தோறும் இறங்கும். உச்ச நாளில் 12 லிட்டர் தரும் மாடு, ஐந்தாம் மாதத்தில் எட்டரை லிட்டர், எட்டாம் மாதத்தில் ஐந்தரை லிட்டர், பத்தாம் மாதத்தில் மூன்றரை லிட்டர் என்ற வகையில் குறைந்து வரும். ஆகவே உச்ச நாளின் பாலை 365 ஆல் பெருக்கக் கூடாது. பால்பண்ணைக்காரர் கையாளும் எளிய விதி, அதை 200 ஆல் பெருக்குவது. 12 லிட்டர் மாடு ஒரு கறவைப் பருவமாகிய 305 நாட்களில் ஏறத்தாழ 2,400 லிட்டர் தரும். குழுவின் கணக்கிலோ ஆண்டுக்கு 4,380 லிட்டர் இருந்தது.

இந்த 2,400 லிட்டரும் சங்கத்துக்குப் போவதில்லை. கன்று குடிப்பதற்கு 150 லிட்டரும், வீட்டுக்கு நாளொன்றுக்கு அரை லிட்டர் வீதம் 150 லிட்டரும் ஒதுக்கினோம். மீதி 2,100 லிட்டர். கொழுப்பும் இதரச் சத்தும் நாளுக்கு நாள் மாறுவதால் விலையும் மாறும். இவ்வூர் அங்கத்தினர்களின் பால் அட்டைகளைப் பார்த்ததில் சராசரி 36 ரூபாய் வந்தது. எனவே ரொக்க வரவு 75,600 ரூபாய்.

இது எத்தனை மாதத்துக்கு உரிய வரவு என்பதே அடுத்த கேள்வி. பசுவின் சினைக்காலம் ஏறத்தாழ 280 நாட்கள். ஈன்ற 60 முதல் 90 நாட்களுக்குள் சினை பிடித்துவிட்டால் அடுத்த ஈற்று ஓராண்டை ஒட்டி வரும். கிராமத்துக் கட்டுத்தறியில் அவ்வளவு விரைவில் சினை பிடிப்பது அரிது. ஆதலால் ஈற்றுக்கு ஈற்று 14 மாதம் என்று வைத்தோம்: பத்து மாதம் பால், நான்கு மாதம் வற்றல். இனிச் செலவு முழுவதையும் இந்த 14 மாதத்துக்கே, அதாவது 425 நாட்களுக்கே, போட வேண்டும்.

தீவனம்: ஒரே மாடு, இரு வேறு செலவு

அடர்தீவனத்துக்கு வழக்கமான அளவு இரு பகுதியாக அமையும். உடலைப் பேணுவதற்கு நாளொன்றுக்கு ஒன்றரைக் கிலோ. பாலுக்காக ஒவ்வோர் இரண்டரை லிட்டருக்கும் ஒரு கிலோ. சினையின் கடைசி இரண்டு மாதத்தில் வயிற்றுக் கன்றுக்காக மேலும் ஒரு கிலோ. உலர்தீவனமாகச் சோளத்தட்டு நாளொன்றுக்கு ஐந்து கிலோ.

பாலுக்காகும் அடர்தீவனம் 960 கிலோ, சினைக்காலத்துக்கு 60 கிலோ. இவ்விரண்டையும் எவராலும் தவிர்க்க இயலாது. கிலோ 28 ரூபாய் வீதம் 28,600 ரூபாய் ஆகிறது. உடலைப் பேணும் தீவனம் 425 நாளுக்கு ஏறத்தாழ 640 கிலோ. அதன் விலை 17,900 ரூபாய். நிலமுடையவருக்கும் இல்லாதவருக்கும் பெரும் வேறுபாடு இதில்தான் பிறக்கிறது. நல்ல பசுந்தீவனம் நாளொன்றுக்கு 20 முதல் 25 கிலோ கிடைத்து, அதில் ஒரு பங்கு வேலிமசாலோ அகத்தியோ போன்ற பயறுவகைத் தழையாகவும் இருந்தால், இந்த ஒன்றரைக் கிலோவை நிறுத்திவிடலாம். நீர் வசதியுள்ள பத்து சென்ட் நிலத்தில் கம்பு நேப்பியர் ஒட்டுப்புல்லும், வரப்போரம் அகத்தியும் வைத்தால் ஒரு மாட்டுக்குப் போதும். அதற்குக் கரணை, எரு, நீர் இறைப்பு எல்லாம் சேர்த்து 3,000 ரூபாய் ஒதுக்கினோம்.

நிலமுடைய அங்கத்தினருக்குச் சோளத்தட்டு சொந்தக் காட்டிலேயே விளைகிறது. நெசவாளர் அதனையும் கிலோ 5 ரூபாய்க்கு வாங்க வேண்டும். 10,600 ரூபாய் ஆகிறது. பசும்புல் விலைக்கு வாங்கினால் என்ன என்று ஒருவர் கேட்டார். உள்ளூரில் புல் கிலோ இரண்டு ரூபாய். இருபது கிலோவுக்கு 40 ரூபாய். அது நிறுத்தும் அடர்தீவனத்தின் விலை 42 ரூபாய். விலைக்கு வாங்கிய புல்லால் மாட்டின் உடல்நலத்துக்கு நன்மை உண்டு. பணத்தில் மிச்சம் பெரிதாக இல்லை. புல்லை நாமே வளர்த்தால்தான் மிச்சம்.

மருத்துவமும் காப்பீடும்

கோமாரி நோய்த் தடுப்பூசியை அரசே ஆறு மாதத்துக்கு ஒருமுறை கட்டணமின்றிப் போடுகிறது. அதைத் தவறவிட்டால் நேரும் இழப்பு பெரிது. நோயிலிருந்து பிழைத்த மாடும் பழைய அளவுக்குப் பால் தருவது அரிது. மற்ற செலவுகளை 14 மாதத்துக்கு இவ்வாறு எழுதினோம்: சினை ஊசி மூன்று முறை 900 ரூபாய்; குடற்புழு மருந்து 400; தாது உப்புக் கலவை 1,700; எதிர்பாரா நோய்க்கு 2,500; காப்பீடு 2,800. ஆக 8,300 ரூபாய்.

எதிர்பாரா நோய் என்று எழுதியதில் முதலிடம் மடிநோய்க்கு உரியது. அதை முன்னதாகக் கண்டுகொள்ள, கறக்கத் தொடங்கும்போது ஒவ்வொரு காம்பிலிருந்தும் முதல் இரண்டு மூன்று பீச்சுப் பாலைக் கறுப்புத் துணி கட்டிய கிண்ணத்தில் விட வேண்டும். தயிர்த்துளி போன்ற திரிவோ, நீர்த்த தன்மையோ தெரிந்தால் அன்றே மருத்துவரை அழைக்க வேண்டும். நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தியை 1962 என்ற எண்ணில் அழைக்கலாம். நெசவாளர் வீட்டில் கறுப்புத் துணிக்குப் பஞ்சமில்லை. நான்கு நாள் தாமதித்தால் ஒரு காம்பு நிரந்தரமாக அடைபட்டுப் போகலாம். அடைபட்ட காம்பு பாலைக் குறைப்பதோடு நில்லாமல், விற்கும் நாளில் விலையையும் குறைக்கும். மருந்து செலுத்திய மாட்டின் பாலை, மருத்துவர் குறித்த நாள் வரையில் சங்கத்தில் ஊற்றலாகாது.

காப்பீட்டில் கவனிக்க வேண்டியது காது வில்லை. மாடு இறந்தால் வில்லை காதில் இருக்க வேண்டும். இல்லையேல் இழப்பீடு கிடைப்பது கடினம். வில்லை கழன்று விழுந்தால் அன்றே தெரிவித்து மறுவில்லை போட்டுக்கொள்ள வேண்டும். பல காப்பீட்டுப் பத்திரங்கள் முதல் 15 நாளில் நோயால் இறந்த மாட்டுக்குப் பணம் தருவதில்லை. ஆகையால் வாங்கிய அன்றே பத்திரம் எடுப்பது நன்று.

இரு அங்கத்தினரின் கணக்கு

மாட்டின் விலை 60,000 ரூபாய். தரகும் வண்டி வாடகையும் 3,000 ரூபாய். கடன் 63,000 ரூபாய், 36 மாதத் தவணை. முதலில் மாதம் 1,750 ரூபாயும், நிலுவைக்கு ஆண்டுக்கு நூற்றுக்குப் 12 வீதம் வட்டியும். முதல் 14 மாதத்தில் செலுத்த வேண்டியது 31,700 ரூபாய். இதில் முதல் 24,500, வட்டி 7,200.

நிலமுடையவருக்கு: பால் வரவு 75,600. அடர்தீவனம் 28,600, புல் வளர்ப்பு 3,000, மருத்துவமும் காப்பீடும் 8,300 போக மீதி 35,700. தவணை 31,700 செலுத்தியபின் கையில் 4,000 ரூபாய்.

நிலமில்லாதவருக்கு: பால் வரவு அதே 75,600. அடர்தீவனம் 46,500, சோளத்தட்டு 10,600, மருத்துவமும் காப்பீடும் 8,300 போக மீதி 10,200. தவணைக்குக் குறைவது 21,500 ரூபாய்.

கரும்பலகையில் இந்த இரண்டாம் கணக்கை எழுதியபோது கூட்டத்தில் சற்று நேரம் பேச்சே எழவில்லை. குறையும் தொகையைத் தறிக்கூலியிலிருந்துதான் அந்த ஐவரும் கட்ட நேர்ந்திருக்கும். கட்ட இயலாமற் போனால் பத்துப் பேருமே பொறுப்பாளிகள்.

நெசவாளர் மாடு வாங்கலாகாது என்பது இதன் பொருளன்று. வேறு வழியில் வாங்க வேண்டும் என்பதே பொருள். குழுவின் பேரில் கிணற்று நீருள்ள அரை ஏக்கர் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து ஐந்து மாட்டுக்கும் புல் வளர்த்தால், ஒரு மாட்டுக்குக் குத்தகையும் புல் வளர்ப்பும் 5,300 ரூபாய் ஆகும். 17,900 ரூபாய் அடர்தீவனம் நின்றுபோகும். மீதி 10,200 என்பது 22,800 ஆக உயரும். தவணையை 36 மாதத்திலிருந்து 60 மாதமாக நீட்டினால் 14 மாதத்துக்குச் செலுத்த வேண்டியது 22,600 ரூபாய்தான். சரிக்குச் சரியாகிறது. கையில் ரொக்கம் நில்லாது. ஆயினும் வீட்டுக்குப் பால் உண்டு, கன்று உண்டு, கடன் தீரத் தீர மாடு சொந்தமாகி வரும். புல் முளைத்து முதல் அறுப்பு வரும்வரை மாடு வாங்குவதில்லை என்று அந்த ஐவரும் ஒப்புக்கொண்டனர்.

வற்றுக்கால நிதி

நிலமுடையவருக்கு 14 மாதக் கணக்கு தேறிவிட்டது. ஆனால் பணம் வரும் மாதமும் போகும் மாதமும் ஒன்றல்ல. பத்து மாதம் வரவு இருக்கும். பதினோராம் மாதம் முதல் பதினான்காம் மாதம் வரை வரவே இராது. அந்த நான்கு மாதத் தவணை 8,700 ரூபாய். சினை மாட்டுத் தீவனம் முதலியவற்றுடன் ஏறத்தாழ 12,000 ரூபாய் வேண்டும். இதைப் பால் இருக்கும் காலத்திலேயே சேர்க்க வேண்டும். மாதத்துக்கு இவ்வளவு என்று வைத்தால் பால் குறைந்த மாதத்தில் பாரமாகும். ஆகவே லிட்டர் கணக்கில் பிடிப்பதே முறை. 2,100 லிட்டருக்கு, லிட்டருக்கு 6 ரூபாய் வீதம் 12,600 ரூபாய் சேர்ந்துவிடும். பால் மிகுந்த மாதத்தில் பிடித்தமும் மிகும். குறைந்த மாதத்தில் குறையும். பால் பணப் பட்டுவாடா நாளிலேயே பிடித்துக் குழுவின் கணக்கில் அங்கத்தினர் பேரில் வரவு வைக்க வேண்டும்; வற்றிய மாதத்தில் அல்லாது வேறெதற்கும் எடுப்பதில்லை என்று தீர்மானம் எழுதிக்கொள்ள வேண்டும்.

மற்றோர் ஊரில் நாம் கண்ட அனுபவம் இதற்குச் சான்று. அங்கே ஒரு குழு எட்டு மாடுகளை ஒரே சந்தை நாளில் வாங்கியது. எட்டும் இளங்கன்றோடு வந்தவை. பத்து மாதம் எல்லாக் கட்டுத்தறியிலும் பால். பிறகு எல்லாக் கட்டுத்தறியிலும் ஒருசேர வற்றல். ஒருவர்க்கு ஒருவர் கைம்மாற்றுக் கொடுக்கவும் பணமில்லை. மூன்று பெண்கள் தவணைக்காக வற்றிய மாட்டை விற்றனர். மாடு போயிற்று, கடனில் பாதிக்கு மேல் நின்றது. அதைக் கட்டி முடிப்பதற்குள் குழுவே கலைந்தது. ஆதலால் மாடுகளை இரு பகுதியாக, ஆறேழு மாத இடைவெளியில் வாங்க வேண்டும். சென்னிமலைக் குழுவில் நிலமுடைய ஐவர் முதலில், புல் வளர்ந்தபின் நெசவாளர் ஐவர் என்ற முறை இதற்கும் பொருந்தி வந்தது. பத்துப் பேர் சேர்ந்து சந்தைக்குள் நுழைந்தால் தரகர் விலையை ஏற்றுவார் என்பதும் கருதத்தக்கது.

சந்தையில் சோதிக்க வேண்டியவை

மேற்கண்ட கணக்கு முழுவதும் 12 லிட்டர் என்ற ஓர் எண்ணின் மேல் நிற்கிறது. அந்த எண் பொய்யானால் யாவும் பொய்யாகும். சந்தை மாட்டின் மடி பருத்துக் காண்பதற்கு, முதல் நாள் மாலை கறக்காமல் விட்டுவிடும் வழக்கம் உண்டு. மறுநாள் காலை ஒரே கறவையில் பத்து லிட்டர் கண்டு மயங்குவோர் பலர். இதற்கு மாற்று, மூன்று கறவை தொடர்ந்து பார்ப்பது. முதற் கறவையை எண்ணிக்கையில் சேர்க்காமல் மடியை முற்றும் கறந்துவிட வேண்டும். அடுத்த இரண்டு கறவைகளை, மாலையும் காலையும், நாமே அளந்து கூட்ட வேண்டும். அதுவே ஒரு நாள் பால். ஆகவே சந்தையில் துண்டுக்குள் விரல் பிடித்து விலை முடிப்பதைவிட, விற்பவர் கட்டுத்தறிக்கே சென்று ஓரிரவு தங்கி வாங்குவது மேல்.

நான்கு காம்பிலும் கையால் பீச்சிப் பார்க்க வேண்டும். பல்லைப் பார்த்து வயதறிய வேண்டும்: நிலைத்த முன்பற்கள் ஆறு முளைத்தோ, கடை சேரும் தறுவாயிலோ உள்ள மாடே இரண்டாம் ஈற்றுக்குப் பொருத்தமானது. ஈன்ற நாளையும், கன்று அதனுடையதுதானா என்பதையும் கேட்டறிய வேண்டும். ஈன்று ஒரு மாதத்துக்குள் உள்ள மாடாயின் உச்சப் பாலும் நம் கைக்கே வரும். நான்கு மாதம் கறந்து முடித்த மாட்டை அதே விலைக்கு வாங்கினால் கறவைப் பருவத்தின் பாதிப் பாலை விற்றவரே எடுத்துக்கொண்டார் என்பது பொருள்.

இருபத்தொரு நாள்

பசு சினை பிடிக்காதவரையில் 21 நாளுக்கு ஒருமுறை பருவத்துக்கு வரும். ஒரு பருவத்தைக் கவனியாது விட்டால் அடுத்த ஈற்று 21 நாள் தள்ளிப் போகும். அந்த 21 நாளுக்குத் தவணை மட்டுமே ஏறத்தாழ 1,600 ரூபாய், தீனி வேறு. மூன்று பருவம் தவறினால் நிலமுடையவர் கையில் நின்ற 4,000 ரூபாய் மிச்சமும் போய்விடும்.

பருவத்தின் அடையாளம் எல்லா மாட்டிலும் வெளிப்படையாக இராது. அடிக்கடி கத்துதல், பிற மாட்டின் மேல் தாவுதல், பால் சற்றுக் குறைதல், கண்ணாடி போன்ற வழும்பு ஒழுகுதல் ஆகியவை குறிகள். சில மாடுகள் கத்துவதே இல்லை; அவற்றில் வாலடியில் காயும் வழும்பே குறி. காலையில் கண்டால் அன்று மாலையும், மாலையில் கண்டால் மறுநாள் காலையும் ஊசி போடுவது தகுந்த நேரம். நாளைச் சுவர்க் காலண்டரில் குறித்து, 21ஆம் நாளுக்கு முன்னும் பின்னும் இரண்டு நாள் கவனிக்க வேண்டும். பருவம் திரும்பவில்லை என்பதாலேயே சினை என்று நம்பிவிடலாகாது. இரண்டு மூன்று மாதத்தில் மருத்துவரைக் கொண்டு சினைப் பரிசோதனை செய்ய வேண்டும். மூன்று ஊசிக்கும் நில்லாத மாட்டுக்கு நான்காம் ஊசி போடுமுன் கருப்பையைச் சோதிப்பது அவசியம்.

விற்கும் நாள்

இனி, கணக்கில் விடுபட்டுப் போன கடைசி வரிக்கு வருவோம். இரண்டாம் ஈற்றில் வாங்கிய மாட்டை மூன்று கறவைப் பருவம், அதாவது 42 மாதம், வைத்திருந்து ஐந்தாம் ஈற்றில் விற்பதாகக் கொள்வோம். 36ஆம் மாதத்திலேயே கடன் தீர்ந்திருக்கும். அங்கத்தினர்கள் சந்தையில் விசாரித்தபடி, ஐந்தாம் ஈற்று மாடு இளங்கன்றோடு 40,000 ரூபாய் பெறும். அதே மாடு வற்றிச் சினையுமில்லாமல் நின்றால் 22,000 ரூபாய்தான். இடையே 18,000 ரூபாய். மாட்டின் வயதில் வேறுபாடு இல்லை. எந்த நிலையில் சந்தைக்குப் போகிறது என்பதில்தான் வேறுபாடு.

63,000 ரூபாய்க்கு வாங்கி 40,000 ரூபாய்க்கு விற்றால் தேய்மானம் 23,000. இதை மூன்று பருவத்தின் 6,300 லிட்டருக்குப் பங்கிட்டால் லிட்டருக்கு மூன்றரை ரூபாய்க்கு மேல் வரும். சங்கத்தில் ஊற்றும் ஒவ்வொரு லிட்டரோடும் மாட்டின் விலையில் அவ்வளவு கரைகிறது. 22,000 ரூபாய்க்கு விற்றால் லிட்டருக்கு ஆறரை ரூபாய் கரைந்ததாகும். ஆகவே விற்பதென்று முடிவு செய்த மாட்டையும் சினைப்படுத்தி, ஈன்ற ஒரு மாதத்துக்குள்ளோ, சினை ஏழெட்டு மாதம் நிரம்பிய நிலையிலோ விற்க வேண்டும். முடை வந்த நாள் விற்கும் நாளன்று. முடை வந்த அங்கத்தினருக்கு வற்றுக்கால நிதியிலிருந்தோ, குழுவின் பொது நிதியிலிருந்தோ சிறுகடன் கொடுத்து மாட்டைக் காப்பதே குழுவின் கடமை. சில மாடுகள் இந்த விதிக்கு அடங்கா: ஒரு காம்புக்கு மேல் கெட்டவை, மருத்துவர் சோதித்துச் சினை பிடியாது என்று சொன்னவை. அவற்றைப் பால் இருக்கும்போதே, குறையை மறைக்காமல் சொல்லி, விரைவில் விற்றுவிடுவது நட்டத்தைக் குறைக்கும்.

இப்போது நிலமுடைய அங்கத்தினரின் உண்மையான ஆதாயத்தைச் சொல்லலாம். முதல் 14 மாதத்தில் கையில் நின்றது 4,000 ரூபாய். கட்டிய முதல் 24,500 ரூபாயில், ஒரு பருவத்துத் தேய்மானம் 7,700 போக மீதி 16,800 அவரது சேமிப்பே. அது மாட்டின் வடிவில் நிற்கிறது. இரண்டும் 20,800. சொந்தச் சோளத்தட்டை விற்றிருந்தால் 10,600 கிடைத்திருக்கும். அதைக் கழித்தால் 10,200. வீட்டில் குடித்த பாலின் விலை 5,400. ஆக 15,600 ரூபாய். நாளொன்றுக்கு 37 ரூபாய் வீதம். இதற்குமேல் கன்றும் எருவும். கடன் தீர்ந்தபின் வட்டி நின்று இன்னும் சற்று மிகும்.

இந்த எண்ணைச் சொன்னபோது, “காலையும் மாலையும் பாடுபட்டு முப்பத்தேழு ரூபாய்தானா?” என்றார் நிலமுடைய அம்மையார் ஒருவர். ஆம், அவ்வளவுதான். மாடு மாதச் சம்பளம் தருவதன்று. வயலின் தட்டையும் வரப்பின் தழையையும் வீட்டாரின் ஓய்வு நேரத்தையும் சேர்த்து வைத்து, 42 மாதத்தின் முடிவில் 40,000 ரூபாய் மாடாகவும் இரண்டு மூன்று கன்றாகவும் கொடுப்பது. மாதம் 4,580 ரூபாய் என்று நம்பி வாங்கியவர் ஐந்தாம் மாதத்தில் மனமுடைந்து போவார். 37 ரூபாய் என்று அறிந்து வாங்கியவர் கிடாரிக் கன்று பிறந்த அன்று மகிழ்வார். சிறிது யோசித்தபின் அந்த அம்மையார் தம் பெயரை முதற்பகுதிப் பட்டியலில் அப்படியே இருக்க விட்டார்.

குழுக் கூட்டத்தில் போட்டுப் பார்க்க

1. உங்கள் ஊர் மாடு ஒன்றின் உச்சப் பாலை 200 ஆல் பெருக்குங்கள். கன்றுக்கும் வீட்டுக்கும் போக எத்தனை லிட்டர் சங்கத்துக்கு வரும்? உங்கள் பால் அட்டையின் சராசரி விலையில் அது எவ்வளவு?

2. உங்கள் அங்கத்தினருள் பத்து சென்ட் புல்நிலம் உள்ளவர் எத்தனை பேர், இல்லாதவர் எத்தனை பேர்? இரு சாராருக்கும் தனித்தனியே தீவனக் கணக்கு எழுதுங்கள்.

3. ஈற்றுக்கு ஈற்று 14 மாதம் என்பது 17 மாதமானால், வற்றுக்கால நிதிக்கு லிட்டருக்கு எவ்வளவு பிடிக்க வேண்டும்?

4. சென்ற இரண்டாண்டில் உங்கள் ஊரில் விற்ற மாடுகளுள் எத்தனை வற்றிய நிலையில் விற்கப்பட்டன? ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு விலை குறைந்தது என்று விற்றவரையே கேட்டு எழுதுங்கள். அந்தத் தாளைத் தீர்மானப் புத்தகத்தில் ஒட்டி வைத்து, அடுத்த மாட்டுக் கடன் விண்ணப்பம் வரும் நாளில் முதலில் அதைப் படியுங்கள்.